பேக்கப்பை யாரால் அழிக்க முடியும்?

2023 ஆகஸ்ட்டில் டென்மார்க்கின் கிளவுட்நார்டிக் என்ற ஹோஸ்டிங் நிறுவனம், கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் ரான்சம்வேரில் சிக்கியது. பெரும்பாலான வாடிக்கையாளர்களின் தரவு முழுவதுமாகப் போய்விட்டது, மீட்க வழியில்லை என்று அந்த நிறுவனமே அறிவித்தது. அவர்களிடம் பேக்கப் இல்லாமல் இல்லை. முதல் பேக்கப் இருந்தது, இரண்டாவது பேக்கப்பும் இருந்தது. ஃபயர்வாலும் ஆன்டிவைரஸும்கூட இருந்தன. அந்தச் சமயத்தில் சர்வர்களை ஒரு தரவு மையத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். அவற்றில் சில ஏற்கெனவே தொற்றுக்கு ஆளானவை என்று பின்னால் தெரியவந்தது. மாற்றும் வேலைக்காக அவற்றை, எல்லாச் சர்வர்களையும் நிர்வகிக்கும் உள் நெட்வொர்க்கில் இணைத்தார்கள். அதன் வழியே தாக்குபவர்கள் மைய நிர்வாகத்துக்கும், ஸ்டோரேஜுக்கும், இரண்டு பேக்கப்களுக்கும் போய்ச் சேர்ந்தார்கள்.

எத்தனை நகல் இருந்தது என்ற கணக்கு அங்கே உதவவில்லை. எல்லா நகலுக்கும் போகும் பாதை ஒன்றாகவே இருந்தது. அதனால் ரான்சம்வேரை மனதில் வைத்து பேக்கப்பைத் திட்டமிடும்போது நான் முதலில் கேட்கச் சொல்வது ஒரே கேள்வி: இந்த நகலை யாரால் அழிக்க முடியும்? அந்தப் பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு கணக்கும் தாக்குபவர் கைக்குப் போய்விட்டதாக வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகும் எது மிஞ்சும் என்று பார்க்க வேண்டும்.

இது அதீதமான கற்பனை மாதிரித் தோன்றலாம். ஆனால் இன்றைய ரான்சம்வேர் தாக்குதல் நடக்கும் விதமே இப்படித்தான். யாரோ ஒருவர் தவறான இணைப்பைத் திறந்ததும் அடுத்த நிமிடமே எல்லாம் பூட்டிக்கொள்வதில்லை. உள்ளே வந்தவர்கள் பல நாள், சில சமயம் பல வாரம் அமைதியாக இருப்பார்கள். ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி, கடவுச்சொற்களைச் சேகரித்து, கடைசியில் அலுவலகக் கணினிகள் எல்லாவற்றையும் கட்டுப்படுத்தும் டொமைன் அட்மின் உரிமையைப் பிடிப்பார்கள். அப்புறம் தேடுவது பேக்கப் சர்வரை. அதில் இரட்டை லாபம். பேக்கப்பை அழித்துவிட்டால் பணம் கேட்கும்போது வலு கூடும். அதோடு, எல்லா இயந்திரங்களுக்குள்ளும் நுழைய பேக்கப் மென்பொருளுக்குக் கடவுச்சொற்கள் தேவை என்பதால், அவையெல்லாம் அந்த ஒரே சர்வரில் சேமிக்கப்பட்டிருக்கும். இவ்வளவும் முடிந்தபின், பெரும்பாலும் இரவிலோ வார இறுதியிலோ, பூட்டும் வேலையைத் தொடங்குவார்கள். விண்டோஸ் இயந்திரங்களில் அதற்குச் சற்று முன் ஓடும் கட்டளை பல விசாரணைகளில் கிடைத்த ஒன்று:

```
vssadmin delete shadows /all /quiet
```

விண்டோஸ் தானாக வைத்திருக்கும் நிழல் நகல்கள் எல்லாவற்றையும் கேள்வி கேட்காமல் அழிக்கும் கட்டளை இது. தரவு இருக்கும் அதே இயந்திரத்தில் இருக்கும் நகலுக்கு என்ன மதிப்பு என்பதை இந்த ஒரு வரியே காட்டிவிடும்.

இனி ஒரு மாதிரி அலுவலகத்தை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஃபைல் சர்வரில் 8 டெராபைட், ஒரு டேட்டாபேஸ் 500 ஜிபி, மற்ற மெய்நிகர் சர்வர்கள் ஒன்றரை டெராபைட், மொத்தம் 10 டெராபைட். தினமும் அதில் சுமார் 2 சதவீதம், அதாவது 200 ஜிபி மாறுகிறது. பேக்கப் சர்வர் ஒன்று இருக்கிறது, அது விண்டோஸில் ஓடுகிறது, டொமைனில் சேர்க்கப்பட்டிருக்கிறது. அது இரவில் பேக்கப் எடுத்து, நெட்வொர்க் ஸ்டோரேஜான ஒரு நாஸ் பெட்டியில் எழுதும். அந்த நாஸ் விடிவதற்குள் வேறொரு கட்டிடத்தில் இருக்கும் இன்னொரு நாஸுக்குத் தன்னைப் பிரதியெடுக்கும். பார்க்க நல்ல ஏற்பாடுதான். மூன்று நகல், இரண்டு இடம்.

இப்போது அந்தக் கேள்வியைக் கேட்போம். டொமைன் அட்மின் பேக்கப் சர்வரில் தானாகவே அட்மின். அவரால் மென்பொருளைத் திறந்து எல்லா பேக்கப்பையும் அழிக்க முடியும். முதல் நாஸின் கடவுச்சொல் அந்த மென்பொருளில் சேமிக்கப்பட்டிருக்கிறது, ஆக அதுவும் போச்சு. இரண்டாவது நாஸ் முதலாவதை அப்படியே பின்பற்றுகிறது. அங்கே அழிந்தது இங்கேயும் அழியும், அங்கே பூட்டப்பட்டது இங்கேயும் பூட்டப்பட்டே வந்து சேரும். வேறு கட்டிடத்தில் வைத்தது தீ விபத்துக்கு உதவும். இந்த ஆபத்துக்கு உதவாது. மூன்று நகலையும் ஒரே கணக்கால் அரை மணி நேரத்தில் காலி செய்துவிடலாம்.

திருத்தம் பேக்கப் சர்வரிலிருந்து தொடங்குகிறது. அதை டொமைனிலிருந்து வெளியே எடுத்து, தனிக் கணக்கு, தனிக் கடவுச்சொல், இரண்டு அடுக்கு உறுதிப்பாடு என்று வைக்க வேண்டும். அட்மினின் அன்றாட மடிக்கணினியில் அந்தக் கடவுச்சொல் சேமிக்கப்பட்டிருக்கக் கூடாது. மற்ற இயந்திரங்கள் பேக்கப்பைக் கொண்டுவந்து எழுதுவதற்குப் பதிலாக, பேக்கப் சர்வரே போய் எடுத்துக்கொள்ளும்படி அமைப்பது நல்லது. அப்போது மற்ற சர்வர்களில் பேக்கப் இடத்துக்கான சாவி எதுவும் இருக்காது. இதெல்லாம் தாக்குபவருக்கு வேலையைக் கடினமாக்கும், ஆனால் பேக்கப் மென்பொருளிலேயே ஓட்டைகள் இருந்திருக்கின்றன. 2024-இல் வீம் என்ற பேக்கப் மென்பொருளில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு கடுமையான பிழையை, திருத்தம் வெளியான சில வாரங்களுக்குள் ரான்சம்வேர் கும்பல்கள் பயன்படுத்தத் தொடங்கின. அதனால் பேக்கப் சர்வரும் விழும் என்று வைத்துக்கொண்டு, அதற்கு அப்பால் ஒரு நகல் வேண்டும். அது மாற்ற முடியாத நகலாக இருக்கலாம், அல்லது இணைப்பே இல்லாத நகலாக இருக்கலாம். இரண்டும் இருந்தால் நிம்மதி.

மாற்ற முடியாத நகலை முதலில் பார்ப்போம். எழுதிய பிறகு, குறித்த தேதி வரை யாராலும் அழிக்கவோ மேலெழுதவோ முடியாத நகல் இது. கிளவுட் ஸ்டோரேஜில் இதற்குப் பரவலாகப் பயன்படுவது அமேசான் எஸ்3-இன் ஆப்ஜெக்ட் லாக். அதே இடைமுகத்தைத் தரும் வேறு ஸ்டோரேஜ்களிலும் இது கிடைக்கும். இதில் இரண்டு வகை உண்டு. கவர்னன்ஸ் வகையில், சிறப்பு அனுமதி உள்ள கணக்கு பூட்டை மீறி அழிக்கலாம். கம்ப்ளையன்ஸ் வகையில் யாராலும் முடியாது. அந்தக் கணக்கில் எல்லா உரிமையும் உள்ள ரூட் பயனராலும் முடியாது, காலத்தைக் குறைக்கவும் முடியாது, நீட்டிக்க மட்டுமே முடியும். ரான்சம்வேரைத் தாங்குவதுதான் நோக்கம் என்றால் கம்ப்ளையன்ஸ்தான் சரி. கவர்னன்ஸ், ஊழியர் தெரியாமல் அழித்துவிடாமல் காக்கும். அட்மின் கணக்கைப் பிடித்துவிட்ட திருடனிடமிருந்து காக்காது.

பூட்டு உண்மையில் வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, நாமே அழித்துப் பார்ப்பது. அதற்கென்று ஒரு சிறிய சோதனைக் கோப்பை மற்ற பேக்கப்களைப் போலவே பூட்டி ஏற்றிவிட்டு, கையில் இருப்பதிலேயே அதிக உரிமை உள்ள கணக்கால் இதை ஓட்ட வேண்டும்:

```
aws s3api delete-object --bucket office-backup \
  --key test/canary.bin --bypass-governance-retention --version-id <VERSION_ID>
```

`AccessDenied` என்று வந்தால் பூட்டு இருக்கிறது. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. `--version-id` இல்லாமல் இதே கட்டளையை ஓட்டினால், அழித்தது வெற்றி என்றே பதில் வரும், பட்டியலிலிருந்தும் கோப்பு மறைந்துவிடும். பலர் இங்கேதான் பதறிப்போவார்கள். உண்மையில் அது ஒரு அழிப்பு அடையாளத்தை மேலே வைத்திருக்கிறது, அவ்வளவுதான். பூட்டிய பதிப்பு அடியில் அப்படியே இருக்கும். தாக்குபவர் எல்லாக் கோப்புகளுக்கும் இதைச் செய்துவிட்டால், உங்கள் பேக்கப் மென்பொருளின் கண்ணுக்கு ஸ்டோரேஜ் காலியாகத்தான் தெரியும். அந்த நிலையிலிருந்து பழைய பதிப்புகளை எப்படி வெளியே எடுப்பது என்பதை முன்கூட்டியே ஒரு முறை செய்து பார்த்து, படிகளை எழுதி வைத்திருக்க வேண்டும்.

கம்ப்ளையன்ஸுக்கும் ஒரு ஓட்டை இருக்கிறது. கோப்பை அழிக்க முடியாவிட்டாலும், கிளவுட் கணக்கையே மூடிவிடலாம். 2014-இல் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்தின் அமேசான் நிர்வாகப் பலகைக்குள் ஒருவர் நுழைந்து, தரவையும் பேக்கப்பையும் அழித்ததில் அந்த நிறுவனமே மூடப்பட்டது. உற்பத்திச் சர்வர்களும் பேக்கப்பும் ஒரே கணக்கில் இருந்தால் கதை இப்படித்தான் முடியும். அதனால் பேக்கப்புக்கு முற்றிலும் வேறான கிளவுட் கணக்கு வேண்டும். அதன் ரூட் கடவுச்சொல்லும் உறுதிப்பாட்டுச் சாதனமும் பெட்டகத்தில் இருக்க வேண்டும். அந்த ரூட் கணக்கின் மின்னஞ்சல் முகவரி, தாக்குதலில் விழக்கூடிய அலுவலக டொமைனில் இருக்கக் கூடாது. இந்தக் கடைசி விஷயத்தைக் கவனிக்காமல் விடுபவர்கள் ஏராளம். மின்னஞ்சலைப் பிடித்தவர் கடவுச்சொல்லை மாற்றிக்கொண்டு உள்ளே வந்துவிடலாம்.

சொந்த இடத்திலேயே மாற்ற முடியாத நகல் வைக்க விரும்புபவர்கள் பெரும்பாலும் ஒரு லினக்ஸ் சர்வரை எடுத்து, கோப்புகளுக்கு `chattr +i` வகைப் பூட்டுப் போடும் முறையைப் பயன்படுத்துவார்கள். நல்ல முறைதான், ஆனால் அந்தப் பூட்டை ரூட்டால் கழற்ற முடியும். எனவே அந்தச் சர்வருக்குள் நெட்வொர்க் வழியாக யாரும் ரூட்டாகப் போக முடியாதபடி, தொலைவிலிருந்து நுழையும் வழியான எஸ்எஸ்ஹெச் மூடியிருக்க வேண்டும். பராமரிப்பு வேண்டுமானால் நேரில் போய்த் திரையும் விசைப்பலகையும் வைத்துச் செய்ய வேண்டும். இன்னொரு வாசல், சர்வரைத் தொலைவிலிருந்து இயக்கும் மேலாண்மை போர்ட். அதன் வழியே வந்தவர் லினக்ஸைத் தொடாமலேயே, டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டு அமைப்பைக் கலைத்து டிஸ்க்குகளைக் காலி செய்துவிடலாம். அந்தக் கேபிளைக் கழற்றிவிடுவதே நல்லது. சர்வரின் கடிகாரமும் ஒரு பலவீனம். பூட்டை எப்போது கழற்றுவது என்பதை பேக்கப் மென்பொருள் தேதியைப் பார்த்துத்தான் முடிவுசெய்கிறது. தேதியைச் சில மாதம் முன்னால் தள்ளிவிட்டால் எல்லாப் பூட்டும் காலாவதியாகிவிடலாம். தாக்குபவர் கட்டுப்படுத்தும் டொமைன் கன்ட்ரோலரிடம் இந்தச் சர்வர் நேரம் கேட்கும்படி அமைப்பது, அவரிடம் சாவியைக் கொடுப்பதற்குச் சமம்.

சரி, எத்தனை நாள் பூட்ட வேண்டும்? அயர்லாந்தின் பொதுச் சுகாதாரச் சேவையான ஹெச்எஸ்இ மீது 2021-இல் நடந்த தாக்குதல் இதற்கு நல்ல அளவுகோல். மார்ச் 18 அன்று ஒரு ஊழியர் மின்னஞ்சலில் வந்த எக்செல் கோப்பைத் திறந்தார். ரான்சம்வேர் வெடித்தது மே 14 அன்று. நடுவில் 57 நாள். ஒரு மாத பேக்கப் மட்டும் வைத்திருப்பவரிடம், அப்படிப்பட்ட நிலையில் இருக்கும் ஒவ்வொரு நகலும் தாக்குபவர் உள்ளே இருந்த காலத்தில் எடுக்கப்பட்டதாகவே இருக்கும். கோப்புகள் அப்போது நல்லபடியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் சர்வர்களை மொத்தமாக மீட்டால், தாக்குபவர் வைத்துவிட்டுப் போன பின்வாசலும் சேர்ந்தே மீளும். எனவே 60 நாள் என்று வைத்துக்கொள்வோம்.

ஆனால் பேக்கப் மென்பொருளில் 60 என்று எழுதிவிட்டால் வேலை முடியாது. மாதம் ஒரு முழு பேக்கப், மற்ற நாள்களில் அன்றன்றைய மாற்றம் மட்டும் என்று எடுத்தால், 29-ஆம் நாள் எடுத்த மாற்றத்தை மீட்க முதல் நாளின் முழு பேக்கப்பும் நடுவில் உள்ள அத்தனை மாற்றங்களும் வேண்டும். அந்த 29-ஆம் நாள் நகல் 60 நாள் உயிரோடு இருக்க வேண்டுமென்றால், அதன் அடித்தளம் சுமார் 90 நாள் பூட்டியிருக்க வேண்டும். நம் மாதிரி அலுவலகத்தில் இதற்கு இடம் எவ்வளவு ஆகும்? எந்த நேரத்திலும் மூன்று முழு பேக்கப் பூட்டில் இருக்கும், அது 30 டெராபைட். 90 நாள் மாற்றங்கள் 18 டெராபைட். சுருக்குவதற்கு முன் சுமார் 50 டெராபைட். கம்ப்ளையன்ஸ் பூட்டில் இடம் நிரம்பிவிட்டால் பழையதை அழித்துச் சமாளிக்கவும் முடியாது. அதனால் முதலில் ஒரு வாரப் பூட்டு வைத்து ஓட்டிப் பார்த்து, கணக்கு சரி என்று தெரிந்தபின் நீட்டிப்பதே புத்திசாலித்தனம்.

ஒரே தரவை இரண்டாம் முறை எழுதாமல் துண்டுதுண்டாகச் சேமிக்கும் மென்பொருள்களில் இடம் மிகக் குறையும், ஆனால் வேறொரு பொறி இருக்கிறது. முதல் நாள் ஏற்றிய ஒரு துண்டுக்கு 60 நாள் பூட்டு. அந்தத் துண்டு 200-ஆம் நாள் பேக்கப்புக்கும் தேவை, ஆனால் அது மறுபடி ஏற்றப்படுவதில்லை, பூட்டோ என்றோ முடிந்துவிட்டது. நேற்றைய பேக்கப் பத்திரமாகப் பூட்டியிருப்பதாகத் தெரியும். அதன் அடியில் இருக்கும் பாதித் துண்டுகளை யார் வேண்டுமானாலும் அழிக்கலாம். பயன்பாட்டில் உள்ள துண்டுகளின் பூட்டை மென்பொருள் அவ்வப்போது நீட்டிக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்டோரேஜில் இருப்பதிலேயே மிகப் பழைய துண்டு ஒன்றை எடுத்து அதன் பூட்டுத் தேதியைப் பாருங்கள். தேதி கடந்துபோயிருந்தால் நீட்டிப்பு நடக்கவில்லை.

இவ்வளவு ஓட்டைகளை யோசிக்க வேண்டியிருப்பதால்தான் இணைப்பே இல்லாத நகல் மீது எனக்கு மதிப்பு அதிகம். அலமாரியில் கிடக்கும் டிஸ்க்கையோ டேப்பையோ எந்தக் கடவுச்சொல்லாலும் தொட முடியாது. நம் அலுவலகத்துக்கு 16 டெராபைட் வெளிப்புற டிஸ்க் மூன்று போதும். ஒவ்வொரு வாரமும் ஒன்றை மட்டும் இணைத்து, முழு நகல் எடுத்து, கழற்றி, எடுத்து வைக்க வேண்டும். மூன்றில் எப்போதும் குறைந்தது இரண்டு வெளியே இருக்க வேண்டும் என்பதே விதி. காரணம், இணைத்திருக்கும் அந்தச் சில மணி நேரத்தில் தாக்குதல் நடந்தால் அந்த ஒரு டிஸ்க் போய்விடும். மென்பொருளில் எஜெக்ட் கொடுத்துவிட்டுக் கேபிளை அப்படியே விடுவது கழற்றியதாக ஆகாது. டேப் பெட்டிக்கும் இது பொருந்தும்: ரோபோ லைப்ரரிக்குள் இருக்கும் டேப்பை, அந்த லைப்ரரியைக் கட்டுப்படுத்தும் சர்வரைப் பிடித்தவர் ஏற்றி அழிக்கலாம். வெளியே எடுத்த டேப்தான் ஆஃப்லைன்.

இதன் விலை, மனித உழைப்பும் பழைய தரவும். வாரம் ஒரு முறை எடுத்தால், மோசமான நிலையில் ஒரு வார வேலை போகும். இணைப்பில் இருந்த டிஸ்க்கும் சேர்ந்து போனால் அதைவிடச் சில மணி நேரம் கூடும். மாற்ற முடியாத நகலோ முந்தைய இரவு வரை தரும். அதனால் முதல் வரிசையில் அதையும், அதுவும் விழுந்தால் கடைசிப் பிடிப்பாக டிஸ்க்கையும் வைப்பது சரியான பங்கீடு. மாற்றிப் போடும் வேலையைச் செய்பவர் விடுப்பில் போனால் அந்த வாரம் யார் செய்வார் என்பது பெயரோடு எழுதியிருக்க வேண்டும். ஆஃப்லைன் நகல்கள் பெரும்பாலும் கெட்டுப்போவது வைரஸால் இல்லை. மூன்று மாதமாக யாரும் மாற்றாமல் அதே டிஸ்க் செருகியபடியே கிடப்பதால்.

இனி மீட்டுப் பார்ப்பது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். அது தாக்குதல் இல்லை. ஆனாலும் பேக்கப்பை எடுக்கப் போனபோது கண்டதை அவர்கள் வெளிப்படையாக எழுதினார்கள், அது எல்லோருக்கும் பாடம். தினமும் எடுக்கப்பட்டிருக்க வேண்டிய டேட்டாபேஸ் நகல் இருக்கும் இடம் காலியாக இருந்தது. டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, நகலெடுக்கும் கருவி 9.2 பதிப்பு, அதனால் ஒவ்வொரு முறையும் அது பிழையோடு நின்றிருக்கிறது. பிழையைச் சொல்ல மின்னஞ்சலும் அனுப்பியிருக்கிறது, ஆனால் அந்த அஞ்சல்கள், அனுப்பியவரைச் சோதிக்கும் டிமார்க் சரிபார்ப்பில் நிராகரிக்கப்பட்டு யாருக்கும் போய்ச் சேரவில்லை. சோதனைத் தேவைக்காக ஒருவர் ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. அந்தச் சோதனைச் சர்வரின் டிஸ்க் மெதுவானது என்பதால் நகலெடுக்கவே பல மணி நேரம் பிடித்தது.

பிழை வந்தால் சொல்லும் ஏற்பாட்டை நம்பியிருந்தால் இப்படி ஆகும். பிழை வராததும் அஞ்சல் வராததும் வெளியே ஒரே மாதிரித்தான் தெரியும். மீட்டுப் பார்த்தால் மட்டுமே வித்தியாசம் தெரியும்.

சோதனையை மூன்று ஆழத்தில் வைத்துக்கொள்ளலாம். வாரந்தோறும் தானாகவே நடக்க வேண்டியது டேட்டாபேஸ் மீட்பு: நேற்றைய பேக்கப்பைத் தனிச் சர்வரில் மீட்டு, ஒரு கேள்வி கேட்டு, கடைசிப் பதிவின் நேரம் நேற்றையதுதானா என்று ஒப்பிட வேண்டும். மீட்பு வெற்றி என்ற செய்தி மட்டும் போதாது. ஆறு மாதம் பழைய, நல்ல நிலையில் உள்ள டேட்டாபேஸும் வெற்றிகரமாக மீளும். மாதம் ஒரு முறை ஒரு முழுச் சர்வரை மீட்டு, அது தொடங்கி, பயனர் உள்ளே போக முடிகிறதா என்று பார்க்க வேண்டும். கோப்பு அளவில், துண்டு முறையில் சேமிக்கும் ரெஸ்டிக் போன்ற கருவிகளில் தரவின் ஒரு பகுதியைப் படித்துச் சரிபார்க்க வழி உண்டு:

```
restic check --read-data-subset=5%
```

இது சேமித்த துண்டுகள் கெடவில்லை என்று சொல்லும். அந்தத் துண்டுகளுக்குள் நீங்கள் எதிர்பார்க்கும் கோப்புதான் இருக்கிறதா, அது ரான்சம்வேர் ஏற்கெனவே பூட்டிய கோப்பா என்பதை இது சொல்லாது. அதற்குக் கோப்பைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, ஆண்டுக்கு இரண்டு முறையாவது செய்ய வேண்டிய பெரிய பயிற்சி. அலுவலக நெட்வொர்க் முழுவதும் இல்லை என்று வைத்துக்கொண்டு, தனித்த ஒரு நெட்வொர்க்கில், காலியான ஹார்ட்வேரில், பூட்டிய நகலிலிருந்தோ டிஸ்க்கிலிருந்தோ மட்டும் எல்லாவற்றையும் எழுப்புவது. சோதனை இயந்திரத்தால் உண்மையான சர்வர்களைத் தொடர்புகொள்ள முடிந்தால் பயிற்சி பொய்யாகிவிடும். இல்லாத ஒன்றை அது அமைதியாக அங்கிருந்து எடுத்துக்கொள்ளும், நமக்குத் தெரியாது.

முதல் முறை செய்பவர்கள் பொதுவாக முதல் மணி நேரத்திலேயே சிக்கிக்கொள்வார்கள். பேக்கப் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறது. அதன் கடவுச்சொல் பாஸ்வேர்டு மேனேஜரில். அந்த மேனேஜர் ஒரு மெய்நிகர் சர்வரில். அந்தச் சர்வர் பேக்கப்புக்குள். இந்த வட்டத்தை உடைக்க, கடவுச்சொல்லைக் காகிதத்தில் அச்சிட்டு உறையிட்டு இரண்டு பெட்டகத்தில் வைப்பதைத் தவிர வேறு நல்ல வழி எனக்குத் தெரியாது. மீட்புப் படிகள் எழுதிய ஆவணமும் அப்படித்தான். அதை ஃபைல் சர்வரில் மட்டும் வைத்திருந்தால் தேவைப்படும் நாளில் அது பூட்டிக் கிடக்கும். பேக்கப் மென்பொருளை நிறுவும் கோப்பும், லைசென்ஸும், நெட்வொர்க் கருவிகளின் அமைப்பும்கூட அந்த டிஸ்க்குகளோடு இருக்க வேண்டும்.

அடுத்த அதிர்ச்சி நேரம். நம் 10 டெராபைட்டை ஒரு கிகாபிட் நெட்வொர்க்கில் கொண்டுவந்தால், நடைமுறையில் நொடிக்கு 110 எம்பி கிடைக்கும் என்று வைத்தாலும் 25 மணி நேரம் ஆகும். கிளவுடிலிருந்து 200 மெகாபிட் இணைய இணைப்பில் இறக்கினால் 111 மணி நேரம், அதாவது நான்கரை நாளுக்கு மேல். வெளிப்புற டிஸ்க்கிலிருந்து நொடிக்கு 150 எம்பி வந்தால் பதினெட்டரை மணி நேரம். இவை எல்லாம் பெரிய கோப்புகளுக்கான கணக்கு. ஃபைல் சர்வரில் லட்சக்கணக்கான சின்னக் கோப்புகள் இருந்தால் இதைவிடப் பல மடங்கு இழுக்கும். பணம் கொடுத்துச் சாவி வாங்கினாலும் வேகம் கிடைக்காது. 2021 மே மாதம் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் நிறுவனம் 75 பிட்காயின் கொடுத்தது. கிடைத்த கருவி மிக மெதுவாக இருந்ததால் சொந்த பேக்கப்களையே தொடர்ந்து பயன்படுத்தியதாகச் செய்திகள் வந்தன. ஹெச்எஸ்இக்குத் தாக்குபவர்களே ஒரு வாரத்துக்குள் சாவியை இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள். அப்படியும் கிட்டத்தட்ட எல்லாப் பயன்பாடுகளும் திரும்ப வரச் செப்டம்பர் ஆனது.

ஆகவே 10 டெராபைட்டும் ஒரே நேரத்தில் வரத் தேவையில்லாதபடி வரிசை வேண்டும். முதலில் டொமைனின் பயனர் கணக்குகளை வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரியும், சர்வர் பெயர்களை முகவரிகளாக மாற்றும் டிஎன்எஸும்; அவை இல்லாமல் மற்றவை எழுந்தாலும் யாரும் உள்ளே போக முடியாது. அடுத்து 500 ஜிபி டேட்டாபேஸும் அதை நம்பியிருக்கும் செயலியும். கிகாபிட் நெட்வொர்க்கில் இந்தத் தரவு வந்து சேர ஒன்றேகால் மணி நேரம் போதும். ஃபைல் சர்வரில் நடப்பு ஆண்டின் கோப்புகள் பிறகு, பழைய ஆண்டுகள் கடைசியில். இந்தப் பிரிவு பேக்கப் எடுக்கும்போதே செய்யப்பட்டிருக்க வேண்டும். 8 டெராபைட்டும் ஒரே பொதியாக இருந்தால், மீட்கும் நாளில் அதைப் பிரித்தெடுப்பதிலேயே நேரம் போகும்.

ஆக்டிவ் டைரக்டரியை மீட்பது தனி வேலை. தாக்குபவர் டொமைன் அட்மினாக இருந்திருக்கிறார் என்றால், எல்லோருடைய கடவுச்சொல் ஹேஷ்களும் அவரிடம் இருக்கின்றன என்றே கொள்ள வேண்டும். மீட்ட டொமைனை யாருக்கும் திறந்துவிடும் முன், டொமைனின் உள்நுழைவு டிக்கெட்டுகளுக்கு முத்திரையிடும் `krbtgt` கணக்கின் கடவுச்சொல்லை இரண்டு முறை மாற்ற வேண்டும். டொமைன் முந்தைய கடவுச்சொல்லையும் நினைவில் வைத்திருக்கும் என்பதால் ஒரு முறை மட்டும் மாற்றினால், தாக்குபவர் உருவாக்கிய போலி டிக்கெட்டுகள் தொடர்ந்து செல்லுபடியாகும். அட்மின் கணக்குகள், சர்வீஸ் கணக்குகள் எல்லாவற்றின் கடவுச்சொல்லும் மாற வேண்டும். மற்ற சர்வர்களைப் பொறுத்தவரை, இயங்குதளத்தைப் புதிதாக நிறுவி, பேக்கப்பிலிருந்து தரவை மட்டும் எடுப்பது பாதுகாப்பானது. வழியில்லாமல் முழுச் சர்வரையே மீட்க வேண்டி வந்தால், அதைத் தனித்த நெட்வொர்க்கிலேயே வைத்து, அறிமுகமில்லாத கணக்குகள், திட்டமிட்டு ஓடும் வேலைகள், தொலைவிலிருந்து இயக்கும் கருவிகள் ஏதும் இருக்கின்றனவா என்று தேடிய பிறகே வெளியே விட வேண்டும்.

பயிற்சியின்போது ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டே வர வேண்டும்: பெட்டகம் திறந்த நேரம், முதல் பைட் வந்த நேரம், டொமைன் எழுந்த நேரம், டேட்டாபேஸில் முதல் பயனர் நுழைந்த நேரம், எங்கே யாரைத் தேடி நின்றார்கள் என்பது. நான்கு மணி நேரத்தில் பில்லிங் திரும்பிவிடும் என்று மேலாளரிடம் சொல்லியிருந்து, குறிப்பில் பதினொரு மணி நேரம் என்று வந்தால், அந்தப் பதினொன்றை அவரிடம் அப்படியே கொண்டுபோக வேண்டும். வேகமான டிஸ்க்கோ, 10 கிகாபிட் இணைப்போ வாங்குவதா, அந்த நேரத்தை ஏற்றுக்கொள்வதா என்று முடிவெடுக்க வேண்டியவர் அவர்தான். அடுத்த பயிற்சியைப் பேக்கப்பை வடிவமைத்தவர் இல்லாமல், அவர் எழுதிய காகிதத்தை மட்டும் வைத்து, இன்னொருவரை நடத்தச் சொல்லுங்கள். காகிதத்தில் விடுபட்ட படிகள் அப்போதுதான் வெளியே வரும்.